வாடகை ஒப்பந்தம் முடிந்தும் வீட்டைக் காலி செய்யவில்லை, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். தாமானில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்த பையனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டு மாதம் 650 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டேன். டிபோசிட் 1,300 வெள்ளி, தண்ணீர் கரண்டுக்கு 300 வெள்ளி. ஒப்பந்தம் 31 மார்ச் 2025-இல் முடிந்தது. "கொஞ்சம் டைம் கொடுங்க அங்கிள்" என்றான், விட்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாடகையை பேங்கில் போட்டான். ஜூன் போடவில்லை, இப்போது ஜூலையும் வந்துவிட்டது. என் மகனுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, வீடு எனக்கு வேண்டும். அவர்கள் வெளியூர் போகும்போது பூட்டை மாற்றிவிடலாம் என்கிறான் என் மச்சான். கரண்டை வெட்டச் சொல் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவனுடைய அப்பாவோடு நான் முப்பது வருடம் வேலை செய்தவன், சண்டை வேண்டாம், ஆனால் வீடு வேண்டும். ஒரு கடிதம் எப்படி எழுதுவது?

பதில்:

ஐயா, முதலில் மச்சானை நிறுத்துங்கள். பூட்டை மாற்றும் யோசனை கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் அதைச் செய்த அன்றைக்கே உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் எதிர்ப்பக்கம் போய்விடும். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 1950, பிரிவு 7(2) இதைத் தெளிவாகவே சொல்கிறது. வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் தொடர்ந்து இருந்தால், வீட்டுக்காரர் கோர்ட் மூலமாக மட்டும்தான் வீட்டை மீட்க முடியும். ஒப்பந்தம் முடிந்துவிட்டதே, இனி அவனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிரிவு எழுதப்பட்டதே ஒப்பந்தம் முடிந்தவர்களுக்காகத்தான். பூட்டை மாற்றினால் அவர் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் எழுதுவார், அப்புறம் கோர்ட்டில் உங்கள் மேல் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வரவும் முடியும், வீட்டுக்குள் இருந்த நகை காணோம், டிவி காணோம் என்று சொன்னால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கரண்டை வெட்டுவதும் ஏறக்குறைய இதே கதைதான். டிஎன்பி கணக்கு உங்கள் பெயரிலேயே இருந்தாலும், ஆளை வெளியேற்றுவதற்காக வெட்டினீர்கள் என்று தெரிந்தால் நீதிபதி உங்களை நல்ல கண்ணோடு பார்க்க மாட்டார், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதே மாதிரி, நீங்கள் பாலாய்க்குப் போய் "ஆளைக் கிளப்பிக் கொடுங்கள்" என்று கேட்டாலும் நடக்காது, இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

(தோட்டத்து லயத்து வீடு, குவார்ட்டர்ஸ் இதில் சேராது. அது வேலையோடு சேர்ந்து வந்த இருப்பிடம், அதன் கணக்கு வேறு. கிராணியாக இருந்தபோது நிர்வாகம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி கடிதம் கொடுத்ததை நீங்கள் பார்த்திருக்கலாம், அதை மனதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.)

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதில் உண்மையான சிக்கல் அந்தப் பையன் போகாமல் இருப்பது இல்லை, ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் வாங்கிய 1,300 வெள்ளிதான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் மாதாமாதம் வாடகை வாங்கினால், இரண்டு பேரும் மாதத்துக்கு மாதம் என்று புதிதாக ஒரு வாடகை ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று எதிர்த்தரப்பு லாயர் வாதாடுவார். நீங்கள் "டைம் கொடுத்தேன்" என்று வாயால் சொன்னதும் அந்த வாதத்துக்கு ஒத்துப்போகிறது. அது எடுபட்டால் 31 மார்ச்சோடு எல்லாம் முடிந்தது என்று நீங்கள் சொல்ல முடியாது, அந்த மாத ஏற்பாட்டை ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து முடிக்க வேண்டும்.

அதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் இரட்டை வாடகை. சிவில் லா சட்டம் 1956, பிரிவு 28(4)(ஏ) என்ன சொல்கிறதென்றால், வாடகைக் காலம் முடிந்தும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் வீட்டுக்காரர் விரும்பினால் இரண்டு மடங்கு வாடகை கேட்கலாம், அவர் வீட்டை ஒப்படைக்கும் நாள் வரைக்கும். விரும்பினால் என்ற சொல்லைக் கவனியுங்கள், அது உங்கள் கையில் இருக்கும் தெரிவு, கட்டாயம் இல்லை. இதைக் கேள்விப்பட்ட உடனே சில பேர் ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து மாதம் 1,300 வெள்ளி என்று கணக்குப் போட்டுக் கடிதம் எழுதுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் சம்மதத்தோடு அவர் இருந்த மாதங்களுக்கு இரட்டை வாடகை கேட்டால் நிற்காது, கேட்டதற்காகவே உங்கள் கடிதம் முழுவதும் மிரட்டல் மாதிரி தெரியும்.

அதனால் என் யோசனை இது. 31 ஆகஸ்ட் 2025 என்று ஒரே ஒரு தேதியைப் பிடியுங்கள். ஜூலை 31-க்கு முன்பே கடிதம் அவர் கைக்குப் போய்விட்டால், ஆகஸ்ட் முழுவதும் ஒரு மாத நோட்டீஸ் ஆகிவிடும். மார்ச்சிலேயே ஒப்பந்தம் முடிந்தது என்றாலும் சரி, மாத ஏற்பாடு என்றாலும் சரி, எப்படிப் பார்த்தாலும் செப்டம்பர் 1-ஆம் தேதி அவருக்கு அந்த வீட்டில் இருக்க உரிமை இல்லை. இரட்டை வாடகையும் அன்றைக்கிருந்துதான், ஒரு நாளைக்கு 43 வெள்ளி 33 காசு. இப்படிச் செய்தால் ஐந்து மாதம் பொறுத்த மனுசன் என்றுதான் நீதிபதி உங்களைப் பார்ப்பார்.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடத்தைப் படித்துப் பாருங்கள். ஒன்று, புதுப்பிக்கும் உரிமை பற்றிய பிரிவு. இத்தனை மாதத்துக்கு முன் எழுத்தில் கேட்டால் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம் என்று இருக்கும், அவர் அப்படி எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டாரா என்று தேடுங்கள், கேட்டிருந்தால் இந்தப் பதிலை விட்டுவிட்டு நேராக ஒரு லாயரிடம் போங்கள். இரண்டாவது, நோட்டீஸ் எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு, பெரும்பாலும் பதிவுத் தபால், எந்த விலாசத்துக்கு என்று இருக்கும். மூன்றாவது, முடிந்த பிறகும் தங்கினால் என்ன தொகை என்று ஒப்பந்தமே சொல்கிறதா என்பது. ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேல் நோட்டீஸ் கேட்டிருந்தால் நான் சொன்ன தேதியை அதற்கேற்ப தள்ளிப்போடுங்கள்.

கடிதத்தின் தலையில் "உரிமைக்குப் பாதகமில்லாமல்" என்ற பொருளில் சில பேர் ஒரு ஆங்கில வரியைப் பெரிதாகப் போடுவார்கள், எங்கேயோ பார்த்து எழுதுவது. அதைப் போடாதீர்கள். அது சமரசப் பேச்சுக்கான முத்திரை, அந்தக் கடிதத்தை அப்புறம் கோர்ட்டில் காட்டும்போது எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். உங்களுக்கு வேண்டியது நேர்மாறு. நீங்கள் எவ்வளவு நியாயமாக நடந்துகொண்டீர்கள் என்று நீதிபதி படிக்க வேண்டும், அதனால் சலுகையையும் அதே கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதுங்கள்.

சலுகை என்ன கொடுக்கலாம்? கணக்கைப் பாருங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கு அவர் தர வேண்டியது 1,950 வெள்ளி. உங்கள் கையில் டிபோசிட்டும் தண்ணீர் கரண்டு டிபோசிட்டும் சேர்த்து 1,600 இருக்கிறது. வீடு சேதமில்லாமல் இருந்து, பில் எல்லாம் கட்டியிருந்தால், மிச்சம் 350 வெள்ளி. இந்த 350-ஐ விட்டுக்கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. லாயருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் முதல் பணமே அதைவிட அதிகமாக இருக்கும். ஆனால் டிபோசிட்டை இப்போதே வாடகைக்குக் கழித்துவிடாதீர்கள், "டிபோசிட்ல கழிச்சுக்குங்க அங்கிள்" என்று அவரே சொன்னாலும். சாவி கைக்கு வந்த பிறகுதான் கழிப்பது. அவர் சீக்கிரம் போவதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே தூண்டுகோல் அந்தப் பணம்தான்.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

தேதி: …… ஜூலை 2025

பெறுநர்: திரு. ……, மற்றும் வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும்
(வீட்டு விலாசம்)

பொருள்: மேற்கண்ட வீட்டை 31 ஆகஸ்ட் 2025-க்குள் காலி செய்து ஒப்படைப்பது

1. நமக்கிடையே …… தேதியிட்ட வாடகை ஒப்பந்தம் 31 மார்ச் 2025-இல் முடிந்தது. அது புதுப்பிக்கப்படவில்லை.

2. நீங்கள் கேட்டதால் வேறு வீடு தேட உங்களுக்கு அவகாசம் கொடுத்தேன். ஏப்ரல், மே மாதங்களுக்கு 1,300 வெள்ளி செலுத்தினீர்கள். ஜூன் மாதத்துக்கு எதுவும் வரவில்லை.

3. ஒப்பந்தம் 31 மார்ச்சில் முடிந்துவிட்டது என்பது என் நிலை. அதன் பிறகு நீங்கள் மாதத்துக்கு மாதம் என்ற முறையில் குடியிருந்தீர்கள் என்று கருதப்பட்டால், அந்த ஏற்பாட்டை 31 ஆகஸ்ட் 2025-உடன் முடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதமே அதற்கான நோட்டீஸ்.

4. அந்தத் தேதி மாலை 5 மணிக்குள் வீட்டைக் காலி செய்து, எல்லாச் சாவிகளையும் என்னிடம் ஒப்படைக்கவும். வீட்டை நாம் இருவரும் சேர்ந்து பார்க்க எந்த நாள் வசதி என்று முன்கூட்டியே சொல்லவும்.

5. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு நீங்கள் தர வேண்டிய தொகை 1,950 வெள்ளி. மேலே சொன்ன தேதிக்குள் வீட்டை நல்ல நிலையில் ஒப்படைத்து, தண்ணீர், மின்சாரப் பில்களைக் கட்டி முடித்தால், என்னிடம் உள்ள 1,600 வெள்ளியை இதில் கழித்துக்கொண்டு, மீதி 350 வெள்ளியை உங்களிடம் கேட்க மாட்டேன். இந்தச் சலுகை அந்தத் தேதி வரைக்கும்தான்.

6. அந்தத் தேதிக்குப் பிறகும் வீட்டில் இருந்தால், 1 செப்டம்பர் 2025 முதல் நீங்கள் வீட்டை ஒப்படைக்கும் நாள் வரைக்கும் சிவில் லா சட்டம் 1956, பிரிவு 28(4)(ஏ)-இன்படி இரட்டை வாடகை, அதாவது மாதம் 1,300 வெள்ளி, கேட்பேன். வீட்டை மீட்கவும் பாக்கியையும் செலவையும் பெறவும் மறு அறிவிப்பின்றி கோர்ட்டில் வழக்குத் தொடர்வேன்.

7. இனிமேல் நீங்கள் செலுத்தும் எந்தத் தொகையை நான் பெற்றுக்கொண்டாலும், அது புதிய வாடகை ஏற்பாடு ஆகாது, இந்த நோட்டீஸும் ரத்தாகாது.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர், தொலைபேசி எண்)

அவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம். அவருடைய அப்பாவை உங்களுக்குத் தெரியும் என்பதையோ, மகன் கல்யாணத்தையோ இதில் எழுதாதீர்கள், அதையெல்லாம் நேரில் பேசலாம். "நம்பிக்கைத் துரோகம்", "வெட்கமில்லையா" மாதிரிச் சொற்களும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறவர்களில் அவருடைய லாயரும் நீதிபதியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மொழி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோர்ட் மொழி மலாய். அதனால் மலாயில் ஒரு பிரதி எழுதி அதிலும் கையெழுத்துப் போட்டு, தமிழ்ப் பிரதியோடு சேர்த்தே கொடுங்கள். தமிழில் இருப்பது அவரும் அவருடைய வீட்டுக்காரம்மாவும் உட்கார்ந்து படித்து, எந்தத் தேதி, எவ்வளவு பணம் என்று சந்தேகமில்லாமல் புரிந்துகொள்வதற்கு.

கடிதத்தைப் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வருகிற முறையில் அனுப்புங்கள், ரசீதை ஒப்பந்தத்தோடு வையுங்கள். தபால்காரர் வரும்போது ஆள் இல்லாமல் கடிதம் திரும்பி வருவது நடக்கும், அதனால் அதே நாள் நேரிலும் கொண்டுபோய்க் கொடுங்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு. மச்சானைக் கூட்டிப்போக வேண்டாம், கோபப்படாத ஒருவரைக் கூட்டிப் போங்கள். உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், தபால் பெட்டியில் போட்டு, போடும்போது வீட்டு நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சாயங்காலம் கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இன்று கொடுத்த கடிதம்" என்று ஒரு வரி போடுங்கள். நீல டிக் விழுந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உறையை ஒட்டிக் கொடுங்கள், கேட்டில் ஒட்டிவைக்க வேண்டாம். சின்ன ஊர், கோயில் திருவிழாவில் நாலு பேர் பேசினால் அந்தக் குடும்பம் வீம்புக்காகவே இருந்துவிடும்.

கடிதம் கொடுத்த பிறகு ஒரு வாரம் பொறுத்து நீங்களே போய் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி "எப்ப காலி பண்ணுவே" இல்லை, "வேற வீடு பாத்தாச்சா, டிபோசிட் கட்டியாச்சா" என்பது. உண்மையிலேயே வீடு பார்த்தவரிடம் ரசீது இருக்கும், இல்லையென்றால் அந்த வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்பாவது இருக்கும். அதைக் காட்டி, "சாவி செப்டம்பர் 20-தான் கைக்கு வரும், அது வரைக்கும் இருந்துக்கிறேன்" என்று கேட்டால் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். நோட்டீஸ்படி வாடகைக் காலம் 31 ஆகஸ்டில் முடிந்தது என்று அவர் ஒத்துக்கொள்கிறார், 20 செப்டம்பர் வரைக்கும் இருக்க நீங்கள் தற்காலிக அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள், அந்த 20 நாளுக்கு 433 வெள்ளி இருப்புக் கட்டணம் முன்கூட்டியே கட்டுகிறார், அந்தத் தேதியில் போகாவிட்டால் மறுநாளிலிருந்து இரட்டை வாடகை ஓடும், இவ்வளவையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளில் வாடகை என்ற சொல்லை அந்த 20 நாளுக்குப் பயன்படுத்தாதீர்கள். ரசீது எதுவும் காட்டாமல் "பாத்துக்கிட்டே இருக்கேன் அங்கிள்" என்று மட்டும் சொன்னால், தேதியை நகர்த்தாதீர்கள். ஏப்ரலில் சொன்னதும் அதே வார்த்தைதானே.

அடுத்து, பணம். ஆகஸ்ட் வரைக்கும் அவர் பணம் போட்டால் வாங்கிக்கொள்ளலாம், கடிதத்தின் 7-வது பத்தி உங்களைக் காக்கும். ஆனாலும் அன்றைக்கே "650 வெள்ளி கிடைத்தது, ஜூன் பாக்கிக்கு வரவு வைக்கிறேன், 31 ஆகஸ்ட் நோட்டீஸ் அப்படியே நிற்கிறது" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். செப்டம்பர் 1-க்குப் பிறகுதான் ரொம்பக் கவனம் வேண்டும். விவரம் தெரிந்த யாராவது சொல்லிக்கொடுத்து, டுயிட்நவ் வழியாக 650 வெள்ளியைப் போட்டு, குறிப்பில் "சேவா செப்டம்பர்" என்று எழுதிவிடுவார். பேங்கில் வந்த பணத்தை நீங்கள் தடுக்க முடியாது, பேசாமலும் இருக்கக் கூடாது. அதே நாளில் இந்த மாதிரி பதில் போடுங்கள்: "நீங்கள் இன்று போட்ட 650 வெள்ளியை வாடகையாக ஏற்கவில்லை. 31 ஆகஸ்டுக்குப் பிறகு வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குத் தர வேண்டிய 1,300 வெள்ளியில் ஒரு பகுதியாக மட்டும் வரவு வைக்கிறேன்." ஒவ்வொரு தடவை பணம் வரும்போதும் இதையே திரும்ப அனுப்புங்கள், அலுத்துப்போனாலும். இதில் நீங்கள் இரண்டு மாதம் அசந்துவிட்டால், ஏப்ரல் மே கதை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், புதிதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டிவரும்.

செப்டம்பர் 1-ஆம் தேதி வீடு காலியாகவில்லை என்றால், அந்த வாரமே லாயரைப் பாருங்கள். இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். லாயர் தன் லெட்டர்ஹெட்டில் ஏழு நாளோ பதினான்கு நாளோ கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புவார், இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய பேர். கிளம்பவில்லை என்றால் வழக்கு. வீட்டுக்காரர், குடியிருப்பவர் வழக்குகளை செஷன்ஸ் கோர்ட் எந்தத் தொகையானாலும் விசாரிக்கும், உங்கள் வழக்கை எங்கே போடுவது என்பதை லாயர் முடிவு செய்யட்டும். வீட்டை ஒப்படைக்கும் உத்தரவு, ஆகஸ்ட் வரைக்குமான பாக்கி, செப்டம்பர் 1 முதல் சாவி தரும் நாள் வரைக்கும் இரட்டை வாடகை, செலவு, இந்த நான்கையும் ஒரே வழக்கில் கேட்க வேண்டும். சம்மன் கைக்குப் போன நாளிலிருந்து 14 நாளுக்குள் அவர் கோர்ட்டில் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் அவர் இல்லாமலே தீர்ப்பு வாங்கலாம். பதிவு செய்தாலும், சொல்வதற்கு உருப்படியான பதில் அவரிடம் இல்லை என்றால், முழு விசாரணைக்குப் போகாமல் நேரடித் தீர்ப்புக் கேட்க வழி இருக்கிறது. அந்த இடத்தில்தான் நீங்கள் இப்போது எழுதப்போகும் கடிதமும், தபால் ரசீதும், "வாடகையாக ஏற்கவில்லை" என்ற செய்திகளும் வேலை செய்யும்.

இரண்டு குறுக்கு வழிகளை யாராவது சொல்வார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அத்துமீறிக் குடியேறியவர்களைச் சீக்கிரமாக வெளியேற்ற கோர்ட் விதிகளில் ஒரு சுருக்கமான வழி உண்டு, ஆர்டர் 89 என்பார்கள். அது வாடகைக் காலம் முடிந்தும் தங்கியிருப்பவருக்குப் பொருந்தாது என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. இன்னொன்று, லாயர் இல்லாமல் நீங்களே போகக்கூடிய சிறு கோரிக்கை வழக்கு. அது 5,000 வெள்ளி வரைக்குமான பணத்துக்கு மட்டும்தான், ஆளை வெளியேற்றும் உத்தரவு அங்கே கிடைக்காது. அவர் போன பிறகு பில் பாக்கி, உடைந்த கதவு என்று ஏதாவது வசூலிக்க வேண்டியிருந்தால் அப்போது அது உங்களுக்கு உதவும்.

தீர்ப்பு வந்த மறுநாளே நீங்கள் போய்க் கதவைத் திறக்க முடியாது, இதைப் பல பேர் எதிர்பார்ப்பதில்லை. வீட்டைக் கைப்பற்றும் ரிட் வேண்டும் என்றால் மறுபடியும் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும், அனுமதி கொடுப்பதற்கு முன், அந்த வீட்டில் உண்மையாகக் குடியிருக்கும் எல்லோருக்கும் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று கோர்ட் பார்க்கும். அதற்காகத்தான் கடிதத்தில் "வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும்" என்று சேர்த்தேன். அந்த வீட்டில் அவரும் மனைவியும் மட்டுமா, அவருடைய அம்மாவும் இருக்கிறார்களா, ஒரு ரூமை ஃபேக்டரிப் பையன்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறாரா, இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரிட் கிடைத்த பிறகு கோர்ட் அதிகாரியான பெய்லிஃப் வந்து வீட்டை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார், அப்போது பூட்டை மாற்றலாம். மொத்தத்தில் இது மாதக் கணக்கில் ஓடும், மகன் கல்யாணத் தேதியை இதை நம்பி வைக்க வேண்டாம். உங்கள் 350 வெள்ளியை விடச் சொன்னதும் இதனால்தான்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, அவர் ஆகஸ்ட் கடைசியில் சாமான்களை லாரியில் ஏற்றிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு நீங்கள் நேரில் இருங்கள். ரூம் ரூமாகப் போய்ப் பாருங்கள், கரண்டு மீட்டரும் தண்ணீர் மீட்டரும் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், சாவியை எண்ணி வாங்குங்கள். ஒரு தாளில் "இன்று வீட்டைக் காலி செய்து, இத்தனை சாவியோடு ஒப்படைத்தேன், உள்ளே விட்டுச் சென்ற சாமான் எதற்கும் உரிமை கோர மாட்டேன்" என்று எழுதி, மீட்டர் நம்பர்களையும் குறித்து, அவருடைய கையெழுத்தும் உங்களுடையதும். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, வெளுத்துப்போன பெயின்ட் இதற்கெல்லாம் டிபோசிட்டில் கைவைக்காதீர்கள், இரண்டு வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்தால் அப்படித்தான் இருக்கும். உடைந்த சிங்க், கழற்றிப்போன காற்றாடி என்றால் அது வேறு, ரசீதோடு கழிக்கலாம்.

சில பேர் சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியில் போய்விடுவார்கள், சாவியும் வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வீடு காலியாகத் தெரியும், ஓரமாக ஒரு அலமாரியும் பாயும் கிடக்கும். அப்போதும் உடனே உள்ளே போகாதீர்கள். "வீட்டை விட்டுவிட்டீர்களா, சாவி எங்கே" என்று எழுத்தில் கேளுங்கள். "ஆமா அங்கிள், போயிட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டே திறக்கலாம். பதிலே வரவில்லை, சாமானும் உள்ளே கிடக்கிறது என்றால் லாயரைக் கேட்காமல் பூட்டைத் தொட வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் ஸ்டாம்ப் செய்யப்பட்டதா என்று பாருங்கள். தோட்டத்துப் பக்கம் தெரிந்த ஆளுக்கு விடும்போது, கடையில் விற்கிற ஃபார்மை வாங்கி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அப்படியே அலமாரியில் வைத்துவிடுவது வழக்கம். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தை கோர்ட் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. ஸ்டாம்ப் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், தாமதத்துக்கான அபராதத்தோடு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் இப்போதும் ஸ்டாம்ப் செய்துகொள்ளலாம். ஒப்பந்தத்தின் அசல், அடையாள அட்டைப் பிரதி இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் முடித்துவிட்டு, அப்புறம் கடிதத்தைக் கொடுங்கள். ஜூலை 31-ஐ மட்டும் தாண்டிவிட வேண்டாம், தாண்டினால் மேலே சொன்ன எல்லாத் தேதியும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.